முகம் எங்கே?

பாடப்புத்தகத்தில் அச்சாகியிருக்கும் கனச்சதுரத்தின் படத்தை எடுத்து, கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எண்ணிப் பாருங்கள். முகங்கள் 3, விளிம்புகள் 9, முனைகள் 7. படத்துக்குக் கீழே உள்ள அட்டவணையோ 6, 12, 8 என்கிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை விடைத்தாளில் 3, 9, 7 என்று எழுதினால், அது பாடம் படிக்காததால் வந்த தப்பு இல்லை. படத்தை ஒழுங்காகப் பார்த்ததால் வந்த தப்பு. பின்பக்கத்து விளிம்புகளைப் புள்ளிக்கோடாகப் போட்டிருக்கிறோமே என்று புத்தகம் தயாரிப்பவர்கள் சொல்லலாம். புள்ளிக்கோடு என்றால் மறைந்திருக்கிறது என்பது பெரியவர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. எட்டு வயதுப் பிள்ளைக்கு அது பெரும்பாலும் 'இங்கே கத்தரி' என்ற அடையாளம்தான்.

சரி, படம் வேண்டாம், ஒரு சோப்புப் பெட்டியைக் கையில் கொடுத்துவிடலாம் என்றால் அதில் வேறு சிக்கல். முகத்தைத் தடவிப் பார்க்கலாம், எண்ணியும் விடலாம். முனை விரலில் குத்தும். ஆனால் விளிம்பு என்று தனியாக ஒரு பொருள் பெட்டியில் கிடையாது. ஒரு பக்கம் முடிந்து இன்னொரு பக்கம் தொடங்கும் இடம்தான் விளிம்பு. அதை எண்ணப் பெட்டியைத் திருப்பத் திருப்ப, எதை எண்ணினோம் எதை விட்டோம் என்பது மறந்துபோகும். பத்து என்பார்கள், பதினான்கு என்பார்கள், கடைசியில் பக்கத்துப் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பார்கள்.

இந்த இடத்தில்தான் ஸ்ட்ராவும் களிமண்ணும் உதவுகின்றன. களிமண் உருண்டை முனையாகிறது, ஸ்ட்ரா விளிம்பாகிறது. பிள்ளை விளிம்பைக் கத்தரிக்கோலால் வெட்டி, முனையை உள்ளங்கையில் உருட்டி, ஒன்றோடொன்று செருகுகிறது. கண்ணால் தேட வேண்டியிருந்த இரண்டும் கையில் எடுக்கிற பொருளாகிவிடுகின்றன. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. பெட்டியில் தெளிவாக இருந்த முகம் இந்தக் கூட்டில் காணாமல் போகிறது. நான்கு ஸ்ட்ராக்களுக்கு நடுவே இருப்பது வெறும் வெளி. வகுப்புகளில் இந்தச் செயல்பாடு அரைகுறையாக முடிந்துவிடுவதற்கு முக்கியக் காரணம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. முனையையும் விளிம்பையும் எண்ணி முடித்ததும் கைதட்டிக் கலைந்துவிடுகிறார்கள். முகத்தைத் தேடும் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்க வேண்டும்.

முதலில் பொருள்களைப் பார்த்துவிடுவோம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்குத் தடை. கிடைப்பது பேப்பர் ஸ்ட்ரா. ஒன்று ஏறக்குறைய 20 செ.மீ. நீளம் இருக்கும். மூன்றாக வெட்டினால் ஒரு துண்டு ஆறரை செ.மீ.க்குச் சற்று மேல் வரும். ஒரு கனச்சதுரத்துக்கு 12 துண்டு வேண்டும் என்பதால் நான்கு முழு ஸ்ட்ரா போதும். துண்டுகளின் நீளம் ஒன்றுபோல இருப்பது முக்கியம். ஒரு துண்டு அரை செ.மீ. குட்டையாகிவிட்டால் கூடு ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். பிள்ளை அதைத் தன் கைத்திறன் குறை என்று நினைத்துச் சோர்ந்துபோகும். அளவுக்கு ஒரு துண்டை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அதோடு ஒட்டிப் பிடித்து வெட்டச் சொன்னால் ஸ்கேல் கூடத் தேவையில்லை.

களிமண் விஷயம் இதைவிடக் கொஞ்சம் நுணுக்கமானது. குளத்து மண்ணைப் பிசைந்து கொடுத்தால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் அந்த ஈரத்தில் பேப்பர் ஸ்ட்ராவின் நுனி ஊறித் துவண்டுவிடும். மண் காயும்போது சுருங்கி வெடிக்கும், ஸ்ட்ரா தளர்ந்து கழன்றுவிடும். மாலையில் நிமிர்ந்து நின்ற கனச்சதுரம் மறுநாள் காலையில் குச்சிக் குவியலாகக் கிடக்கும். குளத்து மண்தான் கிடைக்கும் என்றால் ஸ்ட்ராவை விட்டுவிட்டு விளக்குமாற்று ஈர்க்குச்சிக்குப் போய்விடுவது நல்லது. அது ஈரத்துக்கு அசையாது. கடையில் கலர் கலராக விற்கும் எண்ணெய்ப்பசையுள்ள கிளே காய்வதில்லை, ஸ்ட்ராவையும் நனைப்பதில்லை. அதன் பலவீனம் வெயில். சித்திரை மாதத்து மதியத்தில் அது இளகி, மேல்தட்டின் எடை தாங்காமல் கூடு மெல்ல உட்கார்ந்துவிடும். கோதுமை மாவில் உப்பு சேர்த்துக் கெட்டியாகப் பிசைந்தும் செய்யலாம். சப்பாத்தி மாவைவிட இறுக்கமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உருண்டை 2 செ.மீ. அகலம் இருக்கட்டும். இதைவிடச் சின்னதாக உருட்டினால் என்ன ஆகும் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். கனச்சதுரத்தின் ஒவ்வொரு முனையிலும் மூன்று ஸ்ட்ரா வந்து சேர்கிறது. உருண்டை சின்னதாக இருந்தாலோ அளவுக்கு மீறி அழுத்தினாலோ அவை உள்ளே ஒன்றையொன்று இடித்து, முதலில் செருகியதைப் பின்னால் செருகியது வெளியே தள்ளும். முக்கால் செ.மீ. ஆழத்துக்கு மேல் செருகாமல் இருப்பதே கணக்கு. ஸ்ட்ராவின் துளைக்குள் களிமண் கொஞ்சம் ஏறிக்கொள்வதால் பிடிப்பும் நன்றாகவே இருக்கும்.

இனி நேராகக் கட்டச் சொல்லிவிடாமல், இடையில் ஒரு கடை வைக்க வேண்டும். பிள்ளைகளிடம் ஒரு பெட்டியைக் கொடுத்து, இதே வடிவத்தைக் கட்ட எத்தனை உருண்டை, எத்தனை ஸ்ட்ரா வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதித் தரச் சொல்வது. கடைக்காரரான ஆசிரியர் சீட்டில் உள்ளதை மட்டும் கொடுப்பார். குறைந்தாலும் கூடினாலும் அது வாங்கியவர் பொறுப்பு. தாராளமாக அள்ளிக் கொடுத்தால் பிள்ளைகள் எண்ணாமலே கட்டிவிடுவார்கள். அளந்து கொடுத்தால்தான் ஒவ்வொருவரும் எப்படி எண்ணுகிறார்கள் என்பது மிச்சத்திலும் பற்றாக்குறையிலும் வெளியே வரும்.

ஒரு நான்காம் வகுப்பில் இப்படிப் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். மாதிரியாகக் கொடுக்கப்பட்டது மேசைமேல் வைக்கும் காலண்டர். அட்டையை மடித்துக் கூடாரம்போல நிறுத்தியிருப்பார்களே, அதுதான். கணக்குப் புத்தகத்தில் அதற்கு முக்கோணப் பட்டகம் என்று பெயர். ஒரு சிறுமி சீட்டில் நீள ஸ்ட்ரா 6, குட்டை ஸ்ட்ரா 6, உருண்டை 12 என்று எழுதி வாங்கிப் போனாள். கூடு அழகாக நின்றது. ஆனால் கையில் நீள ஸ்ட்ரா 3 மிச்சம், உருண்டை 6 மிச்சம்.

"டீச்சர், நான் சரியாத்தான் எண்ணுனேன். ஆனா மிச்சமாயிருச்சு."

"எப்படி எண்ணுனே கண்ணு? எனக்கும் காட்டு பாப்போம்."

அவள் காலண்டரின் ஒரு அட்டையைத் தொட்டாள். "இதுக்கு நீளம் ரெண்டு, குட்டை ரெண்டு. இந்த மாதிரி மூணு அட்டை. ஆறு, ஆறு."

"சரி. அப்ப இந்த நீளக் குச்சி எந்த அட்டையோடது?" ஆசிரியர் கூட்டின் உச்சியில் கிடந்த ஸ்ட்ராவைத் தொட்டார்.

சிறுமி கூட்டை இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள். "இதோடது... இதோடதும்தான்."

"பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் நடுவுல ஒரே செவருதான் டீச்சர், அது மாதிரி" என்றான் பின்னாலிருந்து ஒரு பையன். சிறுமிக்கு அவன் முந்திக்கொண்டது பிடிக்கவில்லை.

அந்த மிச்சத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அவள் எண்ணியதில் ஒழுங்கு இருந்தது. மூன்று செவ்வகம், ஒவ்வொன்றுக்கும் நான்கு விளிம்பு. நீள விளிம்பு ஒவ்வொன்றும் இரண்டு செவ்வகங்களுக்குப் பொது என்பதால் மூன்று நீள ஸ்ட்ரா இரண்டு முறை எண்ணப்பட்டன. அவைதான் கையில் மிஞ்சின. முனையும் அப்படியே. ஒவ்வொரு முனையையும் இரண்டு செவ்வகங்கள் பங்குபோட்டுக்கொள்வதால் பன்னிரண்டில் பாதி மிச்சம். குட்டை ஸ்ட்ராக்கள் மட்டும் ஏன் மிச்சமாகவில்லை? அவை ஒரே ஒரு செவ்வகத்தைத்தான் தொட்டுக்கொண்டிருந்தன. மறுபுறம் வெறும் ஓட்டை. காலண்டரின் இரு முனைகளும் திறந்திருக்கின்றன அல்லவா?

ஆசிரியர் அடுத்துக் கேட்டது எனக்குப் பிடித்த கேள்வி. "இதுக்கு எத்தனை முகம்?" காலண்டரை வைத்திருந்தவர்கள் மூன்று என்றார்கள். கூட்டை வைத்திருந்தவர்களில் பாதிப் பேர் ஐந்து என்றார்கள், மீதிப் பேர் ஒன்றுமே இல்லை என்றார்கள். வெறும் குச்சிதானே இருக்கிறது? மூன்று பதிலிலும் நியாயம் உண்டு. அட்டையால் செய்த காலண்டருக்கு மூன்றுதான் முகம், அதன் ஓரங்களில் முக்கோணம் இருக்க வேண்டிய இடம் காலி. ஸ்ட்ராக் கூட்டில் ஐந்து இடமும் காலி. எல்லாமே காலியாகிவிட்டதால், செவ்வகக் காலிக்கும் முக்கோணக் காலிக்கும் வித்தியாசம் இல்லாமல் போய், மூடப்பட வேண்டிய இடங்கள் ஐந்து என்பது கூட்டில்தான் தெளிவாகத் தெரிகிறது.

இந்தக் கட்டத்தில்தான் கலர் பேப்பரை எடுக்க வேண்டும். கூட்டைப் பேப்பர்மேல் கிடத்தி, ஸ்ட்ராக்களை ஒட்டிப் பென்சிலால் வரைந்து, வெட்டி, அந்தத் திறப்பில் ஒட்டுவது. ஒரு முகத்துக்கு ஒரு நிறம். ஐந்து நிறம் தீர்ந்ததும் உள்ளே கைவிட இடமில்லாமல் போகும். முகங்கள் முடிந்துவிட்டன என்பதற்கு அதுதான் அத்தாட்சி. எண்ணிக்கையை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நிறத்தை எண்ணினால் போதும். களிமண் உருண்டை வரைவதற்கு இடிக்கும் என்பதால் பேப்பரின் மூலைகளைக் கொஞ்சம் கத்தரித்துவிட வேண்டியிருக்கும்.

கூட்டைச் சோப்புத் தண்ணீரில் முக்கினால் முகங்கள் படலமாகத் தெரியும் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். சோப்புப் படலம் எப்போதும் மிகக் குறைந்த பரப்பைத் தேடும். கனச்சதுரக் கூட்டை முக்கி எடுத்தால் படலங்கள் ஆறு முகங்களில் நிற்காமல் உள்ளே இழுத்துக்கொண்டு நடுவில் சந்திக்கும். பார்க்க அற்புதமாக இருக்கும், ஆனால் நாம் சொல்ல வந்ததற்கு நேர்மாறாக இருக்கும்.

கனச்சதுரத்தைக் கட்டுபவர்கள் எல்லாருக்கும் ஒரு அனுபவம் தவறாமல் கிடைக்கும். கீழ்ச்சதுரம் மேசைமேல் ஒழுங்காக உட்காரும். நான்கு தூண் நிறுத்தியாயிற்று, மேல்சதுரத்தையும் வைத்தாயிற்று. கையை எடுத்ததும் கூடு மெதுவாக ஒரு பக்கம் சாயும். களிமண் சரியில்லை என்று உருண்டையைப் பெரிதாக்குவார்கள். அப்போதும் சாயும். காரணம் களிமண்ணில் இல்லை, சதுரத்தில் இருக்கிறது. நான்கு குச்சிகளை மூலைகளில் இணைத்தால், குச்சி எதையும் வளைக்காமலே அந்தச் சதுரத்தைத் தள்ளிச் சாய்சதுரமாக்கிவிடலாம். மூன்று குச்சிகளை இணைத்த முக்கோணத்தை அப்படி மாற்ற முடியாது. குச்சி ஒடிந்தால்தான் உண்டு.

அதனால் சாய்ந்த கனச்சதுரத்துக்கு வைத்தியம், ஒவ்வொரு முகத்திலும் மூலைக்கு மூலை ஒரு குச்சி. இங்கே ஒரு சின்னப் பொறி உண்டு. ஆறரை செ.மீ. சதுரத்தின் மூலைவிட்டம் 9.2 செ.மீ. என்று கணக்குப் போட்டு வெட்டினால் எட்டாது. முனை இருப்பது உருண்டையின் மையத்தில், ஸ்ட்ராவின் நுனியில் இல்லை. உருண்டைக்குள் ஸ்ட்ரா போகாத மீதித் தூரத்தையும் சேர்த்தால் ஒன்பதரை செ.மீ. வரும். கணக்குப் போடுவதைவிட, கூட்டை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நேரில் அளந்து வெட்டுவது சுலபம்.

ஆறு மூலைவிட்டங்கள் போட்ட பிறகு கூடு கல்லுப்போல நிற்கும். ஆறுக்கு ஒன்று குறைந்தாலும் எங்கேயோ ஆட்டம் இருக்கும். ஸ்காட்லாந்தின் இயற்பியலர் ஜேம்ஸ் கிளர்க் மாக்ஸ்வெல் 1864இல் இதற்கு ஒரு கணக்குக் கொடுத்தார். முனைகளின் எண்ணிக்கையை மூன்றால் பெருக்கி ஆறைக் கழித்தால் எவ்வளவு வருமோ, கூடு ஆடாமல் நிற்பதற்குப் பொதுவாகக் குறைந்தது அத்தனை குச்சி வேண்டும். கனச்சதுரத்துக்கு 8 முனை, ஆக 18 குச்சி. இருப்பது 12, பற்றாக்குறை 6. அந்த ஆறும் முகங்களின் எண்ணிக்கையும் ஒன்றாக இருப்பதைப் பிள்ளைகள் கவனித்துவிட்டால் நமக்கு லாபம். ஒவ்வொரு காலி முகத்திலும் ஒரு குச்சி போட்டுக்கொண்டே வரும்போது முகங்களைத்தானே எண்ணுகிறார்கள்! முக்கோணப் பட்டகத்துக்கு இதே கணக்கைப் போட்டால் பற்றாக்குறை மூன்று வரும். மூலைவிட்டம் தேவைப்படுவது மூன்று செவ்வகங்களுக்கு மட்டும், முக்கோண முகங்களுக்கு வேண்டாம்.

இந்த விளையாட்டுக்குப் பழைய பூர்வீகம் உண்டு. ஜெர்மனியின் ஃப்ரீட்ரிக் ஃப்ரோபெல், கிண்டர்கார்டன் என்ற பெயரையே உலகத்துக்குக் கொடுத்தவர், சிறுபிள்ளைகளுக்காக வகுத்த கைவேலைகளில் ஒன்று ஊறவைத்த பட்டாணியில் கூர்மையான சின்னக் குச்சிகளைச் செருகி வடிவங்கள் கட்டுவது. பட்டாணி உலர்ந்ததும் குச்சியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். நம் குளத்து மண் செய்வதற்கு நேரெதிர். ஃப்ரோபெல் ஆசிரியப் பணியில் முழுதாக இறங்குவதற்கு முன் பெர்லினில் கனிமங்களின் படிகங்களோடு வேலை செய்தவர். அவர் கொடுத்த விளையாட்டுப் பொருள்களில் கனச்சதுரமும் குச்சியும் புள்ளியும் ஒரு வரிசையாக வருவதில் அந்தப் படிகங்களின் சாயல் தெரிகிறது.

இந்தப் பட்டாணி வேலையில் புகழ்பெற்ற மாணவர் ஒருவர் உண்டு. பின்னாளில் கோளக் கூரைகளுக்காகப் பெயர்பெற்ற அமெரிக்கர் பக்மின்ஸ்டர் ஃபுல்லர். அவரே சொன்ன கதைப்படி, சிறுவயதில் அவருக்குப் பார்வை மிகவும் மங்கல். மற்ற பிள்ளைகள் வீட்டின் சுவரையும் சன்னலையும் பார்த்துப் பழகியவர்கள் என்பதால் சதுரச் சதுரமாகக் கட்டினார்கள். இவருக்கு அந்தப் பழக்கம் இல்லை. கையால் தடவி, எது ஆடாமல் நிற்கிறதோ அதைக் கட்டினார். முக்கோணங்களாக வந்தது. ஆசிரியை மற்ற ஆசிரியைகளைக் கூப்பிட்டுக் காட்டினாராம். நான்முகியும் எண்முகியும் அடுத்தடுத்து வரும் அந்தக் கட்டுமானத்துக்கு 1961இல் அவர் காப்புரிமை வாங்கினார்.

நம் பக்கத்தில் அர்விந்த் குப்தா 1978இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்தில் இருந்தபோது, தீக்குச்சிகளையும் சைக்கிள் வால்வ் ட்யூபையும் வைத்து இதே வேலையைச் செய்து காட்டினார். ட்யூபைச் சின்னத் துண்டுகளாக வெட்டி அதன் இரு வாயிலும் தீக்குச்சியைச் செருகுவது. மூன்றாவது குச்சிக்கு ட்யூபின் நடுவில் முள்ளால் துளை போடுவது. களிமண்ணைப் போல உதிராது, பிரித்துப் பிரித்துக் கட்டலாம். நம் கிராமங்களில் இதற்கெல்லாம் முன்பிருந்தே பிள்ளைகள் சோளத்தட்டையை உரித்து, உள்ளே இருக்கும் வெள்ளை நெட்டியைத் துண்டு போட்டு, உரித்த சிம்பையே அதில் குத்தி வண்டி செய்திருக்கிறார்கள். இணைப்பும் குச்சியும் ஒரே தட்டையிலிருந்து வந்துவிடும். ஸ்ட்ராவும் கிளேயும் வாங்க வழியில்லாத பள்ளிக்கூடத்துக்கு அறுவடை மாதத்தில் இதைவிட நல்ல சாமான் கிடையாது.

முகத்தைத் தேடும் வேலையில் பெரியவர்களையே தடுமாற வைக்கும் வடிவம் ஒன்று இருக்கிறது. எண்முகி. அதற்குப் போகும் வழி சதுரப் பிரமிடு. நான்கு ஸ்ட்ராவால் கீழே ஒரு சதுரம், அதன் நான்கு மூலையிலிருந்தும் மேலே ஒரே உருண்டைக்குப் போகும் நான்கு ஸ்ட்ரா. எல்லாம் ஒரே நீளம். முனை 5, விளிம்பு 8, முகம் 5. முகங்களில் நான்கு முக்கோணம், அடியில் ஒரு சதுரம். இதேபோல இன்னொன்று கட்டி, இரண்டையும் சதுரத்தோடு சதுரம் பொருத்தினால் எண்முகி வந்துவிடும். பொருத்துவதற்கு முன் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: சேர்ந்த பிறகு எத்தனை இருக்கும்?

கூட்டல் தெரிந்தவர்கள் முனை 10, விளிம்பு 16, முகம் 10 என்பார்கள். பொருத்தும்போது கீழ்ச்சதுரத்தின் நான்கு உருண்டையும் மேல்சதுரத்தின் நான்கு உருண்டையோடு ஒன்றாகிவிடும். நான்கு உருண்டை, நான்கு ஸ்ட்ரா தேவையில்லாமல் போகும். எடுத்துவிட்டால் முனை 6, விளிம்பு 12. இதுவரை கையில் எடுத்துப் பார்க்கக் கூடியது. முகம்? முனையிலும் விளிம்பிலும் நான்கு நான்கு போனதால் முகத்திலும் நான்கு போகும் என்று சிலர் 6 என்பார்கள். சிலர் ஒரு சதுரம் போனது, ஒரு சதுரம் இருக்கிறது என்று 9 என்பார்கள். ஏனென்றால் அந்தச் சதுரம் கண் முன்னாலேயே இருக்கிறது. நான்கு ஸ்ட்ரா, நான்கு உருண்டை, நடுவில் திறப்பு. இதுவரை எதையெல்லாம் முகம் என்று சொன்னோமோ அதே லட்சணம்.

எண்முகியைச் சுற்றித் திருப்பிப் பார்த்தால் நிலைமை இன்னும் மோசமாகும். அப்படிப்பட்ட சதுரம் ஒன்று இல்லை, மூன்று இருக்கிறது. எந்த எதிரெதிர் உருண்டைகளை மேலும் கீழும் என்று வைத்துக்கொண்டாலும் நடுவில் ஒரு சதுரம் நிற்கும். அப்படியானால் 8 முக்கோணமும் 3 சதுரமும் சேர்த்து 11 முகமா?

இங்கே கலர் பேப்பரைத் தவிர வேறு எந்த விளக்கமும் உதவாது. நடுச்சதுரத்தில் ஒரு பேப்பரை ஒட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். எண்முகி இரண்டு அறையாகப் பிரிந்துவிடும். அந்தப் பேப்பரின் ஒரு பக்கம் மேல் அறையைப் பார்க்கும், மறுபக்கம் கீழ் அறையைப் பார்க்கும். இரண்டு பக்கமும் உள்ளேதான். அதைக் கிழித்துவிட்டு எட்டு முக்கோணங்களிலும் ஒட்டினால், ஒவ்வொரு பேப்பரின் ஒரு பக்கமும் வெளியே நம் விரல் தடவுகிற இடத்தில் இருக்கும். மறுபக்கத்தைத் தொட முடியாது. முகம் என்பது குச்சிகளால் சூழப்பட்ட ஓட்டை மட்டுமல்ல, உள்ளையும் வெளியையும் பிரிக்கிற இடம் என்பது அப்போதுதான் பிடிபடும். கனச்சதுரத்தோடு நிறுத்திக்கொள்ளும் வகுப்புகளில் இந்தக் கேள்வி எழவே வழியில்லை, ஏனென்றால் அதில் ஸ்ட்ராவால் ஆன ஒவ்வொரு சதுரமும் முகமாகவே அமைந்துவிடுகிறது. எண்முகி கட்டும்போது உருண்டையை மட்டும் இரண்டரை செ.மீ. அளவுக்குப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். ஒரு முனையில் நான்கு ஸ்ட்ரா நெருக்கமாக வந்து சேர்வதால் சின்ன உருண்டை பிளந்துவிடும்.

எண்ணியது சரிதானா என்று பார்க்க ஆசிரியருக்கு ஒரு உரைகல் இருக்கிறது. 1750இல் கணிதமேதை ஆய்லர் தன் நண்பர் கோல்ட்பாக்குக்கு எழுதிய கடிதத்தில் சொன்னது. முனையையும் முகத்தையும் கூட்டினால் விளிம்பைவிட 2 அதிகமாக வரும். கனச்சதுரம்: 8 + 6 = 14, விளிம்பு 12. எண்முகி: 6 + 8 = 14, விளிம்பு 12. மேலே சொன்ன 6 முகமோ 9 முகமோ 11 முகமோ இதில் தேறாது. இதை நான்காம் வகுப்புப் பிள்ளைக்குச் சூத்திரமாகக் கொடுத்துவிடக் கூடாது. கொடுத்தால் கூட்டைப் பார்க்காமலே கழித்துப் பதில் எழுதிவிடுவார்கள். கட்டிய வடிவங்களின் எண்களை எல்லாம் சுவரில் ஒரு அட்டவணையாக எழுதி வையுங்கள். எப்போதாவது ஒரு பிள்ளை தானாகக் கண்டுபிடிக்கட்டும், கண்டுபிடிக்காவிட்டாலும் நஷ்டம் ஒன்றுமில்லை.

ஸ்ட்ராவால் கட்ட முடியாதவையும் உண்டு. உருளையைக் கட்டு என்றால் சில பிள்ளைகள் களிமண்ணை நீளமாக உருட்டி இரண்டு வளையம் செய்து, நடுவில் ஸ்ட்ராக்களை நிறுத்துவார்கள். பார்க்க உருளைபோலத்தான் இருக்கும். எட்டு ஸ்ட்ரா நிறுத்தினால் எட்டு, பத்து நிறுத்தினால் பத்து விளிம்பு என்று அவர்கள் எண்ணத் தொடங்கும்போது, இந்தக் குச்சிகள் உண்மையான உருளையில் எங்கே இருக்கின்றன என்று கேட்க வேண்டும். ஒரு டப்பாவைக் கொடுத்துத் தடவச் சொன்னால், பக்கவாட்டில் எங்கேயும் விரல் தடுக்காது. மேலேயும் கீழேயும் வட்டமாகச் சுற்றி வரும் இரண்டு இடத்தில் மட்டும் தடுக்கும். பல பாடநூல்கள் அதை இரண்டு வளைந்த விளிம்பு என்று எண்ணி, உருளைக்கு 3 முகம், 2 விளிம்பு, முனை இல்லை என்கின்றன. விளிம்பு நேராகவும் முகம் தட்டையாகவும் இருந்தால்தான் செல்லும் என்று வைத்துக்கொள்பவர்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. கூம்பின் உச்சியும் இப்படித்தான். விரலில் குத்துகிறது, ஆனால் அங்கே எந்த ஸ்ட்ராவும் வந்து சேர்வதில்லை. அதை முனை என்பாரும் உண்டு, மறுப்பாரும் உண்டு. தேர்வுக்குத் தங்கள் பாடநூல் என்ன சொல்கிறதோ அதை எழுதட்டும். ஆய்லரின் உரைகல்லில் உருளையின் 3, 2, 0 தேறவில்லையே என்று ஒரு பிள்ளை எழுந்து கேட்டால், அந்தக் கணக்கு தட்டை முகமும் நேர் விளிம்பும் உள்ள வடிவங்களுக்கு, அதாவது ஸ்ட்ராவால் கட்ட முடிந்தவற்றுக்குச் சொன்னது என்று ஆசிரியர் பதில் வைத்திருந்தால் போதும்.